ஆறு வாரம், ஆறு சதவீதம்

9 ஜூன் 2025, திங்கள்

காலையில் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்ததும் வயிற்றைக் கலக்கியது. 32,500 ரிங்கிட் வரவேண்டிய இடத்தில் 23,140 வந்திருக்கிறது. கூடவே வந்த ரெமிட்டன்ஸ் அட்வைஸில் ஒரே வரி: எல்.டி. பிடித்தம் 9,360. எல்.டி. என்றால், சரக்கு தாமதமானால் பிடிப்பதாக ஒப்பந்தத்திலேயே குறித்து வைத்த இழப்பீடு.

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் இருக்கும் அந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு நாங்கள் 240 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தள்ளுவண்டிகள் செய்து கொடுத்தோம். ஒன்று 650 ரிங்கிட், மொத்தம் 1,56,000. (விற்பனை வரியை விட்டுவிட்டு எழுதுகிறேன், கணக்கு குழம்பாமல் இருக்க.) அவர்கள் கொடுத்த பி.ஓ.வில், அதாவது கொள்முதல் ஆணையில், கடைசித் தேதி மார்ச் 28. நாங்கள் தாமதித்தோம் என்பது உண்மை. அதை மறைக்க இந்தக் குறிப்பை எழுதவில்லை.

மத்தியானம் அவர்களுடைய கணக்குப் பிரிவிலிருந்து போன். "9,360-க்கு கிரெடிட் நோட் அனுப்பிடுங்க, கணக்கை மூடிடலாம்." சரி என்று சொல்லி டைப் பண்ணவும் ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. கிரெடிட் நோட் என்பது பில் தொகையைக் குறைத்து நாங்களே கொடுக்கும் சீட்டு. அதைப் போட்டால் அந்தத் தொகையை நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு எந்த முகத்தோடு கேட்பது? பாதியில் நிறுத்தினேன். 9,360 இன்னும் வரவேண்டிய பாக்கிதான், தகராறில் இருக்கிறது என்று மட்டும் குறித்து வைத்தேன்.

10 ஜூன், செவ்வாய்

முதலாளியிடம் சொன்னேன். ஒரு கத்து கத்தினார். "அவனுக்கு என்னம்மா நஷ்டம்? வண்டியெல்லாம் ஒரு மாசம் ஸ்டோர்லயே கிடந்துச்சு, நானே பார்த்தேன். நஷ்டத்தை நிரூபிக்கச் சொல்லு. நிரூபிக்க முடியலன்னா ஒரு காசு பிடிக்க முடியாது. சட்டம் அப்படித்தான்."

இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ வக்கீல் அவரிடம் சொன்னதாம். முதலாளி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். நான் வாதாடவில்லை. பி.ஓ.வின் பின்பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தேன். சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. ஆர்டர் எடுத்த நாளில் எங்களில் யாரும் அதைப் படிக்கவில்லை.

11 ஜூன், புதன்

எல்.டி. பிரிவை நாலு தடவை படித்தேன். என் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும், அல்லது வாரத்தின் எந்தப் பகுதிக்கும், தாமதமான சரக்கின் மதிப்பில் 1 சதவீதம். உச்சவரம்பு 10 சதவீதம். அதை எந்தப் பட்டுவாடாவிலிருந்தும் கழித்துக்கொள்ளலாம்.

"தாமதமான சரக்கின் மதிப்பு." இந்த ஒரு சொற்றொடரில்தான் எங்கள் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1,56,000-க்கு 6 சதவீதம் போட்டுப் பார்த்தேன், சரியாக 9,360. அதாவது 240 வண்டியும் ஆறு வாரம் தாமதம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் 120 வண்டியை மார்ச் 27-லேயே இறக்கிவிட்டோமே!

டி.ஓ.க்களை, அதாவது சரக்கை இறக்கியதும் அவர்கள் சாப் என்னும் முத்திரை குத்தித் தரும் டெலிவரி சீட்டுகளை, எடுத்து மேசையில் பரப்பினேன். முதல் லாட் 120 வண்டி, சாப் தேதி மார்ச் 27. தாமதமே இல்லை. இரண்டாவது லாட் 70 வண்டி, ஏப்ரல் 11. கச்சிதமாக 14 நாள், இரண்டு வாரம். அதன் மதிப்பு 45,500, 2 சதவீதம் என்றால் 910. மூன்றாவது லாட் 50 வண்டி, மே 5. 38 நாள், அதாவது ஐந்து வாரமும் மூன்று நாளும். "வாரத்தின் பகுதி" என்று இருப்பதால் ஆறு வாரமாகிவிடுகிறது. 32,500-க்கு 6 சதவீதம் 1,950.

ஆகமொத்தம் 2,860. அவர்கள் பிடித்தது 9,360. அவர்களுடைய பிரிவை அவர்கள் எழுதியபடியே படித்தாலும் 6,500 ரிங்கிட் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள். சட்டம், வழக்கு எதுவும் தேவைப்படவில்லை, கால்குலேட்டர் போதும்.

12 ஜூன், வியாழன்

அந்த மூன்று நாள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மே 2 வெள்ளிக்கிழமையே லாரி கிளம்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்கே இறக்கியிருந்தால் 35 நாள், சரியாக ஐந்து வாரம்.

லாரி ஓட்டும் அண்ணனைக் கேட்டேன். "மூணு மணிக்கு மேலதான் இங்கிருந்து எடுத்தேன். பாலத்துல ஒரே ஜாம். கேட்டுக்குப் போனப்ப நாலே முக்கால். நாலு மணியோட ஸ்டோர் குளோஸ், திங்கக்கிழமை வாங்கன்னு கார்டு சொல்லிட்டான்மா." டச் அண்ட் கோ பதிவைப் பார்த்தால், பிறை டோலில் மாலை 3.31. பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பதிவு எனக்கு உதவாது. சரக்கு பெறும் நேரம் காலை 9 முதல் மாலை 4 வரை என்று பி.ஓ.விலேயே இருக்கிறது. கேட்டுக்கு வந்து நின்றது டெலிவரி ஆகாது. ஸ்டோரில் இறக்கி டி.ஓ.வில் சாப் வாங்கினால்தான் டெலிவரி. ஒரு மணி நேரம் முந்திக் கிளம்பியிருந்தால் 1 சதவீதம், 325 ரிங்கிட் மிஞ்சியிருக்கும். இதை நான் கடிதத்தில் எழுதப்போவதில்லை. தோற்கிற வாதத்தைச் சேர்த்தால் ஜெயிக்கிற வாதத்தின் கனமும் குறைந்துவிடும்.

15 ஜூன், ஞாயிறு

பட்டர்வொர்த்தில் மாமா வீட்டுக்குப் போனேன். முப்பது வருஷம் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். தோசை சுட்டுக்கொண்டே அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி சொன்னதைச் சொன்னதும் மாமா சிரித்தார். "உன் பாஸ் சொன்னது ஒரு காலத்துல சரிம்மா. 1950 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 75. ஒப்பந்தத்துல தொகை குறிச்சிருந்தா, நஷ்டம் நிரூபிச்சாலும் நிரூபிக்காட்டியும், அந்தத் தொகைக்கு மேல போகாம நியாயமான இழப்பீடு வாங்கலாம்னு இருக்கு. ஆனா 1995-ல செல்வகுமார் வழக்குல கூட்டரசு நீதிமன்றம், நஷ்டத்தை நிரூபிச்சே ஆகணும்னு சொல்லிடுச்சு. அளவிட முடியாத நஷ்டமா இருந்தா மட்டும் விலக்கு. அதை வச்சு நானே எத்தனையோ எல்.டி.யைத் தட்டியிருக்கேன்."

"இப்ப?"

"2018-ல கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்குல அதே நீதிமன்றம் அதை மாத்திடுச்சு. நஷ்டத்தை நிரூபிக்கணும்னு கட்டாயம் இல்ல. ஒப்பந்தத்தை மீறினது நீங்கன்னா, அந்தத் தொகை நியாயமில்லாததுன்னு நீங்கதான் காட்டணும். வாரத்துக்கு 1 சதவீதம், 10-க்கு மேல போகாதுன்னு இருக்கு. அதை அநியாயம்னு ஜட்ஜ் முன்னால சொல்லிப் பாரேன்."

அப்புறம் மாமா கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "தாமதத்துல அவங்க பங்கு ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. சாம்பிள்.

16 ஜூன், திங்கள்

சாம்பிள் வண்டியைப் பிப்ரவரி 3-ல் அனுப்பினோம். ஏழு நாளில் அவர்கள் ஒப்புதல் தர வேண்டும், அதாவது பிப்ரவரி 10. வந்தது பிப்ரவரி 24. சக்கரத்தின் அளவை அவர்களுடைய இன்ஜினியர் முடிவு செய்யாமலே இழுத்தடித்தார். அது தெரியாமல் தகடு வெட்ட முடியாது. பதினான்கு நாள் போனது அவர்களால்.

அந்த 14 நாளைக் கூட்டினால் கடைசித் தேதி ஏப்ரல் 11 ஆகிறது. இரண்டாவது லாட் அன்றைக்கே போய்விட்டது, அபராதம் பூஜ்யம். மூன்றாவது லாட் 24 நாள் தாமதம், நான்கு வாரக் கணக்கு, 4 சதவீதம், 1,300 ரிங்கிட்.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. கால நீட்டிப்பு வேண்டுமானால் காரணம் ஏற்பட்ட ஏழு நாளுக்குள் பர்ச்சேஸிங் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நாங்கள் செய்தது பிப்ரவரி 14-ல் இன்ஜினியருக்கு ஒரு வாட்ஸ்அப்: "சாம்பிள் எப்படி பாஸ்? தகடு வெட்ட முடியாம நிக்கிறோம்." தேதி சரி, எழுத்தும் சரி. போய்ச் சேர்ந்த ஆள்தான் சரியில்லை.

மீதித் தாமதம் எங்களுடையது. ஹரி ராயாவுக்கு வெல்டர்கள் ஊருக்குப் போனார்கள். ஹரி ராயா எப்போது வரும் என்பது ஜனவரியிலேயே தெரியும்.

18 ஜூன், புதன்

பர்ச்சேஸிங் மேடத்துக்கு ஈமெயில் அனுப்பினேன். முதலில் டி.ஓ. வாரியாக 2,860 கணக்கு, மூன்று டி.ஓ.வின் நகலோடு. அடுத்து சாம்பிள் தேதிகளும் வாட்ஸ்அப் படமும் வைத்து, 1,300 மட்டுமே சரி என்று கேட்டேன். நஷ்டத்தை நிரூபியுங்கள் என்ற வரியை முதலாளி சேர்க்கச் சொன்னார். மாமா சொன்னதைச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டார்.

26 ஜூன், வியாழன்

பதில் வந்தது. 240 வண்டிக்கும் பிடித்தது "சிஸ்டம் அப்படிக் கணக்குப் போட்டுவிட்டது" என்று எழுதியிருக்கிறார்கள். கடைசி டி.ஓ. தேதியை எடுத்து முழு பி.ஓ. மதிப்பால் பெருக்கிவிடுமாம். பகுதி பகுதியாகச் சரக்கு அனுப்புகிற எல்லாருக்கும் இப்படித்தானே பிடித்திருப்பார்கள்? எத்தனை பேர் கேட்காமலே கிரெடிட் நோட் போட்டார்களோ.

2,860-ஐ ஒத்துக்கொள்கிறார்கள். சாம்பிள் விஷயத்தில் முறையான அறிவிப்பு இல்லை என்று மறுக்கிறார்கள்.

3 ஜூலை, வியாழன்

முதலாளியும் நானும் நேரில் போனோம். அவர் அங்கே காட்டிய பொறுமை எனக்கே ஆச்சரியம். இன்ஜினியரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். வாட்ஸ்அப்பைக் காட்டியதும் அவர், "ஆமா, சக்கரத்தை நான்தான் லேட்டா சொன்னேன்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நல்ல மனுஷன்.

மேடம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். இரண்டாவது லாட்டின் 910-ஐ விட்டுவிடுகிறோம், மூன்றாவது லாட்டின் 1,950 நிற்கட்டும். எங்கள் கணக்குக்கு 650 ரிங்கிட் அதிகம், ஒரு வண்டியின் விலை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். 650-க்காக மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் கட்டணமே அதைத் தாண்டும்.

8 ஜூலை, செவ்வாய்

நேற்று ஜார்ஜ்டவுன் மரபுடைமை நாள் விடுமுறை. இன்றைக்குத்தான் உடன்பாட்டை ஈமெயிலில் உறுதிப்படுத்தினார்கள். அது கையில் வந்த பிறகே 1,950-க்குக் கிரெடிட் நோட் போட்டேன். பி.ஓ. எண், மூன்றாவது லாட்டின் டி.ஓ. எண், 6 வாரம், 6 சதவீதம், எல்லாம் எழுதினேன்.

14 ஜூலை, திங்கள்

7,410 பேங்க்கில் ஏறிவிட்டது.

அதே தொழிற்சாலையிலிருந்து 80 ஷெல்ஃபுக்குப் புது பி.ஓ.வும் வந்திருக்கிறது. இந்தத் தடவை பின்பக்கத்தை முதலில் படித்தேன். "வாரத்தின் பகுதி" என்பதை அடித்துவிட்டு நாள் கணக்குக் கேட்டிருக்கிறேன். சாம்பிள் ஒப்புதல் தள்ளினால் டெலிவரி தேதியும் தானாகவே தள்ள வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

சாயங்காலம் லாரி அண்ணன் கதவோரம் வந்து நின்றார். "அந்த 325 வெள்ளியை என் சம்பளத்துல பிடிப்பாங்களாம்மா?"

முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "அன்னைக்கு மூணு மணி வரைக்கும் பேக்கிங் முடிக்காம வச்சிருந்தது நான்தாம்பா. போய் தே தாரிக் குடி."