மேற்கோள், கேள்வி, தொடர்பு: என் வாசிப்புக் குறிப்புத் தாள் உருவான விதம்

வேலை முடிந்து மாலையில் நான் படிக்கிற மனிதப்பண்பியல் பாடநெறியில் ஒவ்வொரு கிழமையும் ஒரு வாசிப்புக் குறிப்பு எழுதிக் கொடுக்கவேண்டும். முதல் வகுப்பில் சேர் பலகையில் மூன்றே மூன்று சொல் எழுதினார்: மேற்கோள், கேள்வி, தொடர்பு. படிவம் ஒன்றும் தரவில்லை. "உங்களுக்கு ஏற்றமாதிரி நீங்களே செய்துகொள்ளுங்கோ" என்று விட்டுவிட்டார். அந்தத் தாளைச் செய்து முடிக்க எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் போனது. இப்போது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஏழெட்டுப் பேர் அதே தாளில் எழுதுகிறார்கள். எங்கே பிழைத்தது, எதை மாற்றியபிறகு சரிவந்தது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தாளை அரை மணித்தியாலத்தில் செய்துவிட்டேன். ஏ4 தாள், நெடுக்காக, மூன்று பெட்டி. "உங்களுக்குப் பிடித்த மேற்கோள்", "உங்களுக்கு எழுந்த கேள்வி", "இது எதனோடு தொடர்புபடுகிறது" என்று மூன்று தலைப்பு. அந்தக் கிழமை வாசிக்கத் தந்தது புறநானூற்றின் 192ஆம் பாடல், கணியன் பூங்குன்றனார் பாடியது. பள்ளிக்கூடத்திலிருந்தே தெரிந்த பாட்டு என்பதால் மளமளவென்று எழுதினேன். மேற்கோள்: யாதும் ஊரே யாவரும் கேளிர். கேள்வி: புலவர் ஏன் இப்படிச் சொன்னார்? தொடர்பு: இன்றைய உலகத்துக்கும் இது பொருந்தும்.

தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: "இதை எழுதப் பாடலை வாசிக்கத் தேவையில்லையே?"

அன்றிரவு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதான், பாட்டில் 13 அடி இருக்கிறது, நான் எழுதியதில் ஒரு அடிதான் வருகிறது, அதுவும் சுவரிலும் மேடையிலும் எல்லாரும் கேட்கிற அடி. முதலில் என்னுடைய சோம்பல் என்றுதான் நினைத்தேன். ஆனால் கூடப் படிக்கிற நாலு பேரின் தாளையும் வாங்கிப் பார்த்தபோது அவர்களும் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருந்தார்கள். "பிடித்தது எது" என்று கேட்டால் கை ஏற்கெனவே தெரிந்த வரிக்குத்தான் போகும், தலைப்பு அப்படித்தான் எங்களைக் கொண்டுபோயிருக்கிறது. அதனால் முதலில் மாற்றியது மேற்கோள் தலைப்பை. "இதற்கு முன் நீங்கள் நின்று பார்த்திராத இரண்டு அடி. அடி எண் போடவும். அதில் உங்களை நிறுத்திய ஒரு சொல்லைக் கோடிடவும்" என்று எழுதினேன். அடி எண் கேட்பது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் எண் போடவேண்டும் என்றால் மேலிருந்து கீழே எண்ணவேண்டும், எண்ணும்போது மற்ற அடிகளும் கண்ணில் படும்.

இரண்டாவது தடவை அதே பாடலுக்கு நான் எடுத்தது 9ஆம், 10ஆம் அடிகள்: "நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் / முறைவழிப் படூஉம்". மழை பெய்து, கல்லை மோதி ஒலிக்கிற பெரிய ஆற்றில், தண்ணீர் போகிற வழியே போகிற தெப்பம்போல உயிரும் முறையின் வழியே போகிறது. கோடிட்ட சொல் "படூஉம்", ஏனென்றால் அடுத்தடுத்த அடிகளில் அதே சொல் திரும்ப வருகிறது, நீர்வழிக்கு ஒரு தடவை, முறைவழிக்கு ஒரு தடவை. தெப்பமும் உயிரும் ஒரே சொல்லில் கட்டப்பட்டிருக்கிறதை நான் அதுவரை கண்டதே இல்லை.

கேள்விப் பெட்டிதான் மிகவும் கஷ்டப்படுத்தியது. "ஏன் இப்படிச் சொன்னார்" என்பது எந்தப் பாட்டுக்கும் ஒட்டும். "என்ன கேள்வி வேண்டுமானாலும்" என்றால் பாதிப்பேர் சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள், அதற்கு அகராதி போதும். சில தாள்கள் பழுதானபிறகு இந்த வாசகத்தில் வந்து நின்றேன்: "இந்தப் பகுதிக்குள் ஒன்றோடொன்று ஒத்துவராததுபோலத் தெரிகிற இரண்டு இடங்கள் எவை? விடையை எங்கே தேடுவீர்கள்?" இரண்டாவது பாதி இல்லாவிட்டால் கேள்வி தாளிலேயே கிடந்துவிடும்.

இந்த வாசகத்தோடு 192க்குத் திரும்பிப் போனபோது ஒரு நல்ல கேள்வி கிடைத்தது. 2ஆம் அடி "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்கிறது. அதை நான் எப்போதும் "கெடுதலும் நன்மையும் நம்மாலேயேதான் வரும்" என்றே புரிந்துவைத்திருந்தேன், அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். ஆனால் 9ஆம் அடியில் தெப்பம் தண்ணீர் இழுத்த பக்கம் போகிறது. எல்லாம் என் கையில் என்று தொடங்கிய பாட்டு, எதுவும் என் கையில் இல்லை என்று எப்படி முடியும்? "எங்கே தேடுவீர்கள்" என்ற இடத்தில் "பழைய உரை" என்று எழுதினேன். புறநானூற்றின் முதல் 266 பாட்டுக்குப் பழைய உரை இருக்கிறது, 192 அதற்குள் வரும். அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். அந்த உரைகாரர் 2ஆம் அடிக்குச் சொல்கிற பொருள், கேடும் ஆக்கமும் தாமே வந்தாலன்றிப் பிறர் தர வருவதில்லை என்பது. "தாமே" என்பது இங்கே நம்மைச் சொல்லவில்லை, அந்தக் கேட்டையும் ஆக்கத்தையும்தான் சொல்கிறது. அவை தாமாக வருகின்றன. முறைவழி என்பதற்கும் அவர் ஊழின் வழி என்றுதான் பொருள் கொள்கிறார். அப்படிப் பார்த்தால் 2ஆம் அடிக்கும் தெப்பத்துக்கும் சண்டையே இல்லை. உரைகாரர் சொல்வதுதான் சரி என்று நான் சாதிக்க வரவில்லை, நம்மாலே என்று கொள்கிறவர்களுக்கும் அவர்கள் நியாயம் இருக்கும். ஆனால் "பிறர் தர வாரா" என்பதில் "நம்மாலே" என்ற சொல் இல்லவே இல்லை, அதை நான்தான் போட்டு வாசித்திருக்கிறேன்.

சரி, தாளின் அமைப்புக்கு வருகிறேன். முதலில் மேற்கோளை முன்பக்கத்திலும் கேள்வியையும் தொடர்பையும் பின்பக்கத்திலும் வைத்தேன். கேள்வி எழுதத் தாளைத் திருப்பினால் மேற்கோள் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கேள்வி மேற்கோளை விட்டு எங்கேயோ போய்விடும். ஆன் பெர்த்தோஃப் என்ற அமெரிக்க ஆசிரியை சொன்ன ஒரு முறையைச் சேர் காட்டினார்: ஒரு பக்கம் வாசித்ததன் குறிப்பு, அதற்கு எதிர்ப்பக்கம் அந்தக் குறிப்பைப் பற்றிய குறிப்பு, இரண்டும் ஒரே பார்வையில் தெரியவேண்டும். அதைப் பார்த்து ஏ4 தாளைக் குறுக்காக்கினேன். இடப்பக்கம் 9 சென்ரிமீற்றர் மேற்கோளுக்கு, வலப்பக்கம் 17 சென்ரிமீற்றர் கேள்விக்கும் தொடர்புக்கும், துளை போட ஓரத்தில் கொஞ்சம் இடம். மேற்கோள் பெட்டியை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்தேன், அகலமாக இருந்தால் பாட்டு முழுவதையும் பார்த்தெழுதிவிட்டு எழுதிமுடித்த திருப்தி வந்துவிடுகிறது. கோடுகளுக்கு நடுவே 7 மில்லிமீற்றர் விட்டேன், எங்கள் கைக்கு நெருக்கமாக இருந்தது, மேல் வரியின் "கு", "மு"க்களின் வால் கீழ் வரியின் "கி", "மி"க்களில் இடித்தது. 9 மில்லிமீற்றர் ஆக்கியபிறகு எழுத வசதி.

Word இல் செய்கிறவர்கள் அட்டவணையின் வரிசை உயரத்தை `At least` இல் விடாமல் `Exactly` ஆக்குங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துரு பெட்டியைத் தள்ளி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். கடைக்குக் கொண்டுபோகுமுன் PDF ஆக்குங்கள். நான் ஒருதடவை Word கோப்பாகவே கொண்டுபோனேன், கடைக் கணினியில் என் எழுத்துரு இல்லை, வரிகள் எல்லாம் குழம்பிப்போய் 20 தாள் வீண்.

பிறகு சனசமூக நிலையம். ஞாயிறு பின்னேரம் கூடுகிற சிறு வாசிப்பு வட்டத்தில் தாளைக் கொடுத்தபோது மூன்றாவது பெட்டியில் பிரச்சினை தெரிந்தது. அநேகமானவர்கள் "எங்கள் வாழ்க்கையோடு தொடர்புடையது" என்று எழுதி நிறுத்தினார்கள். உயர்தரம் படிக்கிற ஒரு தங்கச்சி, "என்ன எழுதிறது எண்டு தெரியேல்லை அக்கா, எல்லாத்தோடயும்தானே தொடர்பு இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி, எல்லாவற்றோடும் தொடர்பு இருந்தால் எழுத ஒன்றும் இல்லை. அன்றே பேனையால் ஒரு வரி சேர்த்தேன்: "எதுவரை பொருந்துகிறது? எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது?"

அவளுடைய அப்பா குருநகரில் கடற்றொழில் செய்கிறவர். அடுத்த கிழமை அவள் எழுதிவந்தது: இயந்திரம் நின்றால் அப்பாவின் படகு நீரோட்டத்தோடுதான் போகும், அதுவரை தெப்பமும் படகும் ஒன்று. ஆனால் கடலில் நீரோட்டம் திரும்பும், காற்றும் மாறும், போன பக்கமே திரும்பியும் வரலாம். ஆற்றில் அப்படி இல்லை, ஒரே பக்கம்தான். அதற்குக் கீழே, "எங்கட பக்கம் வருடம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியிலதான் ஓடும், அதாலதான் நான் முதலில கடலை நினைச்சன்" என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு அரை மணித்தியாலம் அதைப் பற்றித்தான் கதைத்தோம். புலவர் கடலைச் சொல்லாமல் ஆற்றைச் சொன்னதால் என்ன மாறுகிறது என்று வட்டத்தில் ஒருவருமே அதற்கு முன் கேட்டதில்லை. பொருந்தாத இடத்தை எழுதச் சொன்னதால்தான் அந்தக் கேள்வி வந்தது.

எல்லா வாசிப்புக்கும் இந்தத் தாள் சரிவராது. ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குக் கொடுத்துப் பார்த்தபோது மேற்கோள் பெட்டி பயன்படவில்லை. அழகான வரியைத் தேடினார்கள், கட்டுரை எதை நிறுவ வருகிறது என்பதை விட்டுவிட்டார்கள். அதற்கு "கட்டுரையாளர் சொல்கிற ஒரு முடிவு, அதற்கு அவர் காட்டுகிற சான்று" என்று அந்தப் பெட்டியை மட்டும் மாற்றிய வேறு தாள் வைத்திருக்கிறேன். நாவல் என்றால் முழுப் புத்தகத்துக்கு ஒரு தாள் போதாது, அத்தியாயத்துக்கு ஒன்று எழுதினால் வாசிப்பே நின்றுபோகும், அதற்கு இன்னும் ஒரு வழி கண்டுபிடிக்கவில்லை.

கடைசியாகச் சேர்த்தது தாளின் அடியில் 3 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு வெறும் கீற்று. "இரண்டு கிழமைக்குப் பிறகு" என்று மட்டும் அச்சிட்டிருக்கும், பக்கத்தில் திகதிக்கு இடம். எழுதின அன்று அதைத் தொடக்கூடாது. என்னுடைய 192ஆம் பாட்டுத் தாளில் அந்தக் கீற்றில் இப்போது இருப்பது இதுதான்: "12ஆம் அடியில் பெரியோரை வியக்கமாட்டோம் என்கிறார், அதற்குக் காரணம் 11ஆம் அடியில் இருக்கிற ஆகலின் என்ற சொல். உயிர் முறைவழியே போகிறது என்று தெளிந்ததனாலே வியக்கவில்லை, அதனாலேயே சிறியோரை இகழ்வதும் இல்லை. அப்படியென்றால் முதலடியில் யாவரும் கேளிர் என்றதற்கும் இதுதான் காரணமா? மற்ற ஞாயிறு கேட்கவேண்டும்."