குரூப் 4 எழுதப் போகிறவர்களுக்கு: முதல்நாள் ராத்திரி பார்க்க வேண்டியவை

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 ரிசல்ட் வந்துவிட்டது. சான்றிதழ் பதிவேற்றச் சொன்னவர்கள் பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. எங்கள் ஊர் நூலகத்தில் என்னோடு உட்கார்ந்து படித்த அக்காவின் எண் இல்லை. இருக்கவும் வழியில்லை, அவர் தேர்வே எழுதவில்லை. மாதிரித் தேர்வுகளில் என்னைவிட எப்போதும் அதிகம் வாங்கியவர், அன்று காலை 9:04-க்கு மூடிய கேட்டுக்கு வெளியே நின்றார்.

அதனால் எதைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை, அதைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். முதல்நாள் ராத்திரி புத்தகத்தை மூடிய பிறகு என்ன செய்வது என்பது மட்டும்தான் இது. அதிலும் முக்கால்வாசி, போகும் வழியைப் பற்றித்தான் எழுதுவேன். ஹால் டிக்கெட்டை மறப்பவர் அநேகமாக யாரும் இல்லை. தப்பான பள்ளிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அக்காவுக்கு நடந்தது இதுதான். அவருடைய மையம் மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளி. அந்தப் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு, அதே பெயரில் நான்குவழிச் சாலை ஓரத்தில் இன்னொரு சிபிஎஸ்இ பள்ளியும் இருக்கிறது. போன் மேப்பில் பெயரின் முதல் இரண்டு சொல்லைத் தட்டியதும் மேலே வந்தது அந்த சிபிஎஸ்இ பள்ளி. அதையே தொட்டுச் சேமித்துவிட்டார். காலை 8:20-க்கு அங்கே போய் இறங்கியும் விட்டார். கேட் முன்னால் ஆளே இல்லை. சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நினைத்துக் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். அப்புறம் வாட்ச்மேன் வந்து இங்கே தேர்வே கிடையாது என்றார். ஆட்டோ பிடித்து ஊருக்குள் வந்து சேர்வதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள். ஒன்பது மணிக்கு மேல் யாரையும் விடக் கூடாது என்பது விதி. அழுதாலும் கெஞ்சினாலும் அந்த கேட்டில் நிற்பவர் கையில் ஒன்றும் இல்லை.

இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, குரூப் 4 மையத்தின் வாசலில் எட்டேகாலுக்கு ஆள் இல்லாமல் இருக்காது. 2024-ல் 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்த தேர்வு இது. ஒவ்வொரு பள்ளி முன்னாலும் நூற்றுக்கணக்கானவர்கள், கூட வந்த அப்பா அண்ணன்மார், போலீஸ், பைக் வரிசை எல்லாம் இருக்கும். வாசல் காலியாக இருந்தால் ஒரு நிமிடம் கூட நிற்காமல் யாரையாவது கேளுங்கள். பாதிப் பேர் தப்பான இடத்திலிருந்து திரும்பி ஓடி வந்து சேர முடியாமல் போவது இந்தக் காத்திருப்பால்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, ராத்திரியே செய்ய வேண்டியது. ஹால் டிக்கெட்டில் மையத்தின் முகவரி பெரிய ஆங்கில எழுத்தில் இருக்கும். பள்ளியின் பெயரோடு நிறுத்தாமல் கடைசி வரி வரை படியுங்கள். மெட்ரிக்கா, மேல்நிலைப் பள்ளியா, ஆண்களா, பெண்களா, எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பின்கோடு இருந்தால் அதுதான் பெரிய உதவி. மேப்பில் தெரியும் பள்ளியின் பின்கோடும் ஹால் டிக்கெட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், ஒரே பெயரில் வேறு வேறு பகுதியில் இருக்கும் பள்ளிகளைப் பிரித்துவிடலாம். "அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி" என்ற பெயர் எல்லா ஊரிலும் இருக்கிறது, அதை மட்டும் தட்டித் தேடினால் பக்கத்து ஊருக்குக் கூட்டிப் போகும். ஒரே வளாகத்துக்குள் இரண்டு மையம் இருந்தால் பின்கோடு காப்பாற்றாது, அங்கே மையக் குறியீட்டு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் அந்த ஊரில் இருக்கும் யாருக்காவது போன் போட்டுக் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. இதைப் பின்னாலிருந்து போட வேண்டும். வீட்டிலிருந்து எப்போது கிளம்பலாம் என்று ஆரம்பித்தால் எப்போதும் தாமதமாகத்தான் முடியும். எங்கள் கிராமம் உசிலம்பட்டி பக்கம். நான் போட்ட கணக்கு இது. கேட் மூடுவது 9:00. பதிவெண்ணைப் பலகையில் தேடி, அறையைக் கண்டுபிடித்து, தண்ணீர் குடித்து, கழிப்பறை வரிசையில் நின்று வர நேரம் வேண்டும், அதனால் பள்ளி வாசலில் 8:15. மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு ஷேர் ஆட்டோ நிறைய ஆள் ஏறும் வரை நிற்கும், அதற்கு 35 நிமிடம் வைத்தால் 7:40-க்கு ஆரப்பாளையத்தில் இறங்க வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம் என்றால் பஸ் கிளம்ப வேண்டியது 6:25. பஸ்ஸுக்காக நிற்க கால் மணி, அண்ணன் பைக்கில் கொண்டுவிட 20 நிமிடம். ஆக வீட்டை விட்டு 5:50. எழுந்தது 4:45.

பயங்கரமாகத் தெரியும், தெரியட்டும். இந்தக் கணக்கில் ஒரு பஸ்ஸை விட்டாலும் அடுத்ததில் ஏறி ஒன்பதுக்குள் போய்விடலாம். உங்கள் கணக்கையும் அப்படிச் சோதித்துப் பாருங்கள்: நீங்கள் நம்பியிருக்கும் பஸ் வரவே இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கேட் மூடிவிடும் என்று வந்தால் கணக்கு தப்பு.

அப்புறம் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது முகூர்த்த நாளா என்று ஒரு பார்வை பாருங்கள். தேர்வு சனியோ ஞாயிறோதான் வரும், கல்யாணமும் அப்போதுதான் வரும். அதிகாலை பஸ்ஸில் பட்டுப் புடவையும் சீர் வரிசையுமாக ஒரு குடும்பமே நிற்கும். முகூர்த்த நாள் என்றால் கணக்கில் இன்னும் அரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று சில்லறை இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள், வெளியூர் பஸ்ஸில் காசு கேட்பார்கள்.

எழுந்திருப்பதில் ஒரே ஒரு விஷயம். தினமும் அடிக்கும் அலாரத்தை நம்பி இருந்தால், அது எந்தெந்த நாளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று திறந்து பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் அடிப்பதாகப் பலர் வைத்திருப்பார்கள், சனிக்கிழமை அது வாயைத் திறக்காது. தேர்வுக்கென்று புதிதாக ஒன்று வையுங்கள், காலையா மாலையா என்பதையும் பாருங்கள். இன்னொரு போனில் ஐந்து நிமிடம் தள்ளி இன்னொன்று. அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், அவர் அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்து நிற்பார்.

ராத்திரி ஒரு மணி வரை படித்துப் பழகியவர்கள் அன்று மட்டும் ஒன்பதுக்குப் படுத்தால் தூக்கம் வராது. வராவிட்டால் படுத்தே இருங்கள். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இன்னொரு தடவை புரட்டினால்தான் நிம்மதி என்கிறவர்கள் புரட்டிக்கொள்ளட்டும், நான் அந்த ரகம் இல்லை. தமிழ்ப் பகுதியின் நூறு கேள்விக்கும் கணக்கின் இருபத்தைந்துக்கும் தெளிந்த தலை வேண்டும் என்று எட்டு மணிக்கே மூடி வைத்துவிட்டேன்.

ஹால் டிக்கெட் இரண்டு பிரதி எடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு எந்த ஜெராக்ஸ் கடையும் திறந்திருக்காது, எனவே இதைச் சாயங்காலமே முடிக்க வேண்டும். கையில் வாங்கியதும் போட்டோவும் கையெழுத்தும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மை தீர்ந்த பிரிண்டரில் முகம் வெறும் கறுப்பாக வரும். அப்படி வந்தால் வேறு கடையில் எடுங்கள். பதிவேற்றிய படமே சரியில்லை என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வெள்ளைத் தாளில் பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஒட்டி, பெயர், முகவரி, பதிவெண் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஹால் டிக்கெட் நகலும் அடையாள அட்டை நகலும் சேர்த்து, மையத்தில் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துச் சான்றொப்பம் வாங்க வேண்டும். அந்தத் தாளை ராத்திரியே தயார் செய்துவிடலாம். ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் பஸ் நேரம், ஃபார்முலா என்று எதையும் கிறுக்கி வைக்காதீர்கள். பிறகு பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பேனா கறுப்பு பால்பாயிண்ட் மட்டும். ஜெல் வேண்டாம், நீலம் வேண்டாம். பேனாவுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு 2019 நினைவிருக்கும். அந்த செப்டம்பர் குரூப் 4-ல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய சிலர், சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மை நிரப்பிய பேனாவால் விடைத்தாளைக் குறித்தார்கள். பிறகு விடைத்தாள்கள் சென்னைக்குப் போகும் வழியில் சரியான விடைகள் நிரப்பப்பட்டன. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது. அதற்குப் பிறகு விடைத்தாள் முறையையே மாற்றினார்கள். விடை தெரியாவிட்டால் குறிக்க E, கடைசியில் எத்தனை A, எத்தனை B என்று எண்ணி நிரப்புவது எல்லாம் அப்போது வந்ததுதான்.

புதுப் பேனாவை அப்படியே கொண்டுபோகாதீர்கள். முனையில் மை இறங்கச் சிறிது எழுத வேண்டும். ராத்திரி ஒரு தாளில் பொட்டு அளவு வட்டம் இருபது வரைந்து, ஒவ்வொரு பேனாவாலும் சிலவற்றை நிரப்பிப் பாருங்கள். மெல்லிய முனை என்றால் ஒரு வட்டத்துக்குச் சுற்றிச் சுற்றி நேரம் போகும், தாளும் கிழியும். கொஞ்சம் தடித்த முனை இரண்டு சுற்றில் அடைத்துவிடும். 200 கேள்விக்கு அந்த வித்தியாசம் பெரிது. மூன்று பேனா வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஒன்று கேட்பார், கொடுத்துவிடலாம்.

ராத்திரி பைக்குள் போனவை:

ஹால் டிக்கெட், இரண்டு பிரதி.
ஆதார் அசல், அதன் நகல் ஒன்று.
பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு.
கறுப்பு பால்பாயிண்ட் மூன்று, ராத்திரி எழுதிப் பார்த்தவை.
முள் கடிகாரம். டிஜிட்டல் வேண்டாம்.
லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டில்.
பத்து, இருபது ரூபாய் நோட்டுகள்.
பள்ளி முகவரியும் பஸ் விவரமும் எழுதிய துண்டுத் தாள். போன் சார்ஜ் போனாலும் வழி தெரியும். உள்ளே போகும் முன் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

போனை யாரிடம் கொடுப்பது என்பதையும் ராத்திரியே முடிவு செய்யுங்கள். கூட ஆள் வந்தால் கவலை இல்லை. தனியாகப் போனால் வீட்டிலேயே வைத்துவிடுவதுதான் நல்லது. வாசல் பெட்டிக்கடையில் காசு வாங்கிக்கொண்டு வைத்துக்கொள்வார்கள், ஆனால் தேர்வு முடிந்ததும் அங்கே ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள்.

திரும்பி வந்த பிறகு ஹால் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரிசல்ட் வர நாலு மாதம் போல ஆகிறது, அதைப் பார்க்கப் பதிவெண் வேண்டும்.