முன்பணம் எப்போது திரும்பி வரும்? வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை எளிமையாக்குவது

வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவருக்கு அதிகம் புரியாமல் போவது முன்பணம் பற்றிய பத்திதான். சண்டையும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. பத்திர எழுத்தில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இரண்டாமவர் முதலாமவர் வசம் வட்டியில்லா முன்பணமாகச் செலுத்தியுள்ள ரூ.36,000/-ஐ, மேற்படி வீட்டைக் காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்கும் காலத்து, வாடகை பாக்கி, மின்கட்டணம், இன்னபிற பாக்கிகள் மற்றும் இயல்பான தேய்மானம் நீங்கலாக ஏற்பட்ட சேதாரங்கள் ஏதுமிருப்பின் கழித்துக்கொண்டு, மீதத்தொகை திருப்பியளிக்கப்படும்.”

முதலாமவரை ‘வீட்டு உரிமையாளர்’ என்றும் இரண்டாமவரை ‘நீங்கள்’ என்றும் மாற்றுவது சுலபம். அதோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைகூட முடியவில்லை. யார், எவ்வளவு, எந்த நாளுக்குள், எதைக் கழித்துக்கொண்டு தர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு பதிலுக்கு ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அப்படிப் பிரிக்கும்போதுதான் மூலத்தில் பதிலே இல்லாத இடங்கள் தெரியவரும். ‘திருப்பியளிக்கப்படும்’ என்பதில் யார் தருவார் என்பதும் இல்லை, எப்போது என்பதும் இல்லை. சேதாரத்தின் மதிப்பை யார் போடுவது என்பதும் இல்லை.

எழுதுபவர் இந்த இடைவெளிகளைத் தன் ஊகத்தால் நிரப்பக் கூடாது. ஓரத்தில் கேள்வியாகக் குறித்து, இரு தரப்பிடமும் பதில் வாங்க வேண்டும். கெடுவுக்கு மட்டும் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் அந்த ஒரு மாதம் எந்த நாளிலிருந்து? சாமான்களை ஏற்றிய நாளிலிருந்தா, சாவி கொடுத்த நாளிலிருந்தா? ‘சுவாதீனம் ஒப்படைக்கும் காலத்து’ என்பதை ‘காலி செய்யும்போது’ என்று மாற்றினால் இந்தச் சிக்கல் அப்படியே நிற்கும். ‘எல்லாச் சாவிகளையும் உரிமையாளரிடம் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள்’ என்று எழுதிக் காட்டி இருவரிடமும் ஒப்புதல் கேட்பது நல்லது.

மின்கட்டணத்தில் இன்னொரு சிக்கல். வீட்டு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். காலி செய்யும் நாளில் கடைசி பில் வந்திருக்காது. அதனால் ‘சாவி கொடுக்கும் நாளில் இருவரும் மீட்டரைப் பார்த்து அளவைக் குறித்துக்கொள்வோம். அதுவரை ஓடிய யூனிட்டுக்கு மட்டும் நீங்கள் கட்ட வேண்டும்’ என்று சேர்க்கச் சொல்வோம்.

எளிமையாக்கும் அவசரத்தில் முதலில் தொலைவது ‘இயல்பான தேய்மானம் நீங்கலாக’ என்ற மூன்று சொற்கள். ‘சேதம் இருந்தால் கழிப்பார்’ என்று சுருக்கினால் வாக்கியம் அழகாகத்தான் இருக்கும், ஆனால் குடியிருப்பவரின் பாதுகாப்பு போய்விடும். வெயிலில் மங்கிய பெயின்ட், நடந்து தேய்ந்த தரை ஆகியவற்றுக்குக் கழிக்கக் கூடாது. உடைந்த வாஷ்பேசினுக்கும் பிளந்த கதவுக்கும் கழிக்கலாம் என்று உதாரணத்தோடு எழுதினால்தான் அந்தச் சொற்கள் உயிரோடு இருக்கும்.

எழுதியது புரிகிறதா என்று பார்க்க, ‘புரிந்ததா?’ என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ஒரு கணக்கைக் கொடுக்க வேண்டும். முன்பணம் 36,000, வாடகை பாக்கி 6,000, சாவி கொடுத்த நாள்வரை மின்கட்டணம் 900, உடைந்த வாஷ்பேசின் மாற்ற 2,500. பெயின்ட் மங்கியதற்கு 8,000 வேண்டும் என்கிறார் உரிமையாளர். ஜூன் 10-இல் சாவி கொடுத்தால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வரும்? சரியான பதில் 26,600 ரூபாய், ஜூலை 10-க்குள். படித்தவர் 18,600 என்று சொன்னால் தேய்மானம் பற்றிய வாக்கியம் அவரைப் போய்ச் சேரவில்லை. தேதி சொல்லத் தடுமாறினால் கெடு வாக்கியத்தைத் திருத்த வேண்டும். பிழை படிப்பவரிடம் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த வாக்கியத்துக்குத் திரும்புவதே முறை.

முடிவில் கிடைப்பது இது:

“நீங்கள் கொடுத்த முன்பணம் 36,000 ரூபாய். இதற்கு வட்டி கிடையாது. எல்லாச் சாவிகளையும் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் உரிமையாளர் இதைத் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி, சாவி கொடுத்த நாள்வரையான மின்கட்டணம், நீங்கள் உடைத்த அல்லது கெடுத்த பொருளைச் சரிசெய்யும் செலவு ஆகிய மூன்றை மட்டும் அவர் கழிக்கலாம். செலவுக்கு ரசீது காட்ட வேண்டும். பெயின்ட் மங்குவது, தரை தேய்வது போன்ற இயல்பான தேய்மானத்துக்குக் கழிக்கக் கூடாது.”

‘இன்னபிற பாக்கிகள்’ இங்கே இல்லை என்பதைக் கவனிக்கலாம். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரிச் செலவு என்று எதையாவது உரிமையாளர் மனதில் வைத்திருந்தால், அதைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும். ரசீது என்பதும் மூலத்தில் இல்லாதது. இவை மொழி மாற்றம் அல்ல, உடன்பாட்டிலேயே மாற்றம். எனவே இரண்டையும் தனியாகக் கோடிட்டுக் காட்டி, உரிமையாளர் சம்மதித்த பிறகே இறுதிப் பிரதியில் வைக்க வேண்டும்.

எளிய பிரதியைக் கையெழுத்தில்லாத விளக்கத் தாளாகக் கொடுத்தால், தகராறு வரும்போது பழைய பத்திரம்தான் பேசும். அதனால் கையெழுத்துக்கு முன்பே பழைய பத்தியை எடுத்துவிட்டு, எளிய பத்தியை ஒப்பந்தத்திலேயே வைத்துவிட வேண்டும். ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால், இருவரும் ஒப்பமிட்ட திருத்த ஒப்பந்தமாக அதைச் சேர்க்க வேண்டும்.