பிவட் சரிதான், பிழை வேறெங்கோ: குவிக்செலக்டோடு மூன்று ராத்திரி

k-ஆவது பெரிய எண்ணை எடுக்க ஹீப்பா, குவிக்செலக்டா என்று இரண்டையும் பைத்தானில் எழுதி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹீப் பக்கம் சொல்ல ஒன்றுமே இல்லை. `heapq`-ல் k எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, உச்சியில் இருக்கும் சிறியதைவிடப் பெரியது வந்தால் மாற்றிக்கொண்டே போனால் வேலை முடிந்தது. எண்கள் எல்லாம் வெவ்வேறாக, நன்றாகக் கலைந்து கிடந்தால் 10,000 எண்களில் முதல் பத்தை வைத்திருக்க சராசரியாக 70 தடவைக்குள்தான் மாற்ற வேண்டியிருக்கும். மற்றவை ஒரே ஒப்பீட்டில் கழிந்துபோகும். ஏறுவரிசையில் கொடுத்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் மாற்ற வேண்டி வரும், அப்போதும் n log k-ஐத் தாண்டாது.

தலைவலி கொடுத்தது குவிக்செலக்ட். கடைசி எண்ணையே பிவட்டாக வைத்து, ரிகர்ஷனோடு எழுதியிருந்தேன். வரிசைப்படுத்திய அரே ஒன்றைக் கொடுத்ததும் `RecursionError`. எதிர்பார்த்ததுதான்: ஒவ்வொரு சுற்றிலும் பிவட்தான் மிகப் பெரியது, அது ஒன்று மட்டுமே கழிகிறது. ராண்டம் பிவட்டுக்கு மாறினேன். கூடவே, பெரிய புத்திசாலி போல, ரிகர்ஷனை எடுத்துவிட்டு `while` போட்டேன். அதில்தான் கெட்டேன். அலறிச் சொல்லிக்கொண்டிருந்த பிழை அதோடு வாயை மூடிக்கொண்டது.

அடுத்து மழையளவு மாதிரியான தரவு: 10,000 எண்கள், அதில் 9,000 பூஜ்யம். k = 5,000. ஹீப் சட்டென்று முடித்துவிட்டது. குவிக்செலக்ட் அசையவே இல்லை. ராண்டம் ஜெனரேட்டரைச் சந்தேகப்பட்டேன், மூன்று எண்களின் நடுவை எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் நகரவில்லை. நேரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒப்பீடுகளை எண்ண ஆரம்பித்த பிறகுதான் வெளிச்சம். 10,000-க்கு சுமார் 3.25 கோடி, பூஜ்யங்களையும் k-ஐயும் அதே விகிதத்தில் இரட்டித்து 20,000-க்கு சுமார் 13 கோடி. தரவு இரண்டு மடங்கானால் ஒப்பீடு நாலு மடங்காகிறது. சந்தேகமே வேண்டாம், இது n² தான்.

காரணம் இது. என் பார்டிஷன் `a[j] < p` என்று மட்டும் கேட்கிறது. பிவட் பூஜ்யம் என்றால் அதைவிடச் சிறியது எதுவுமில்லை, மற்ற பூஜ்யமெல்லாம் வலப்பக்கமே தங்கிவிடும். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பூஜ்யம் கழிகிறது. நேர் எண்கள் சீக்கிரம் வெளியேறிவிடும், மிச்சம் 9,000-லிருந்து 4,000 வரை ஒவ்வொன்றாக இறங்க வேண்டும்: 5,000 சுற்று, சுற்றுக்குச் சராசரி 6,500. கணக்கு அப்படியே பொருந்துகிறது. `<=` போட்டாலும் பூஜ்யமெல்லாம் இடப்பக்கம் சாயுமே தவிர, வேறு மாற்றமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தத் தரவின் சரியான நடு எண்ணே பூஜ்யம்தான். அதைவிட நல்ல பிவட் கிடையாது. பிவட் தேர்வில் நான் என்ன தகிடுதத்தம் பண்ணினாலும் தேறியிருக்காது. திருத்த வேண்டியது பிரிக்கும் முறையை. சிறியது, சமம், பெரியது என்று மூன்றாகப் பிரித்தேன்:

```python
lt, i, gt = lo, lo, hi
while i <= gt:
    if a[i] < p:
        a[i], a[lt] = a[lt], a[i]
        lt += 1
        i += 1
    elif a[i] > p:
        a[i], a[gt] = a[gt], a[i]
        gt -= 1
    else:
        i += 1
```

தேடும் இடம் (`n - k`) `lt`-க்கும் `gt`-க்கும் நடுவே விழுந்தால் `p`-தான் விடை. பூஜ்யம் ஒரு தடவை பிவட்டாக வந்தாலே கதை முடிந்துவிடுகிறது.

இதிலும் ஒரு ராத்திரி போனது. `gt` பக்கம் மாற்றிய பிறகும் `i`-ஐ நகர்த்திவிட்டேன். அங்கிருந்து வந்த எண் என்னவென்று இன்னும் யாரும் பார்க்கவில்லையே! `[2, 3, 1]`, பிவட் 2 என்று ஓட்டிப் பாருங்கள். 3-ம் 1-ம் இடம் மாறும், `i` தாண்டிப் போய்விடும், 1 பார்க்கப்படாமலே சமமானவற்றோடு சேர்ந்துவிடும். மிகச் சிறிய எண்ணைக் கேட்டால் 2 என்று பதில் வரும். பெரிய தரவில் இது சில சமயம்தான் தப்பும், அதுதான் எரிச்சல்.

அடுத்து ஐந்தைந்தாகப் பிரித்து நடுக்களின் நடுவை எடுக்கும் 1973-ஆம் ஆண்டு முறை (பிளம், ஃபிளாய்ட், பிராட், ரிவெஸ்ட், டார்ஜன் ஐவரும் சேர்ந்து போட்டது). மோசமான நிலையிலும் O(n)-க்கு உத்தரவாதம் அதில் உண்டு. பாதி எழுதிவிட்டேன், ஆனால் பழைய பார்டிஷனோடு அதை இணைத்தால் இதே பூஜ்யங்களில் மறுபடி மாட்டும் என்பதால் முதலில் அந்தப் பழைய ஃபங்ஷனை அழித்துவிட்டுத்தான் மீதி.