ஏழு லிட்டர் பெட்டியும் மொட்டை மாடிக்குக் கீழே ஓர் அறையும்

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணும் கடையில் எனக்கு இது பதினோராவது வருஷம். நூற்றுக்கணக்கான பெரிய கேபினெட்டுகளில் வேலை பார்த்திருந்தாலும், வெப்பம் என்றால் என்ன என்று எனக்கு உருப்படியாகப் புரியவைத்தது 2024 மே மாதம் கட்டிக்கொடுத்த ஒரு சின்னப் பெட்டிதான்.

அதன் கொள்ளளவு ஏழு லிட்டர் சொச்சம். வழக்கமான கேபினெட் நாற்பது லிட்டரைத் தாண்டும். இந்தப் பெட்டிக்குள் நடுவில் மதர்போர்டு நிற்கும். ஒரு பக்கம் பிராசஸர், அதன் முதுகுப்பக்கம் கிராபிக்ஸ் கார்டு, கார்டை மதர்போர்டோடு இணைக்க ஒரு ரைசர் கேபிள். தனியாக ஃபேன் மாட்ட இடமில்லை. பிராசஸர் கூலர் ஒரு பக்கத் துளைத் தகடு வழியாகவும், கார்டு மறுபக்கத் தகடு வழியாகவும் தங்களுக்கு வேண்டிய காற்றைத் தாங்களே இழுத்துக்கொள்ள வேண்டும்.

வந்த தம்பி கேட்டது ரைசன் 7 7700எக்ஸ் பிராசஸர், 200 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு. கூலருக்கு 48 மி.மீ. உயரம் வரை இடம் உண்டு என்று பெட்டியின் அளவுத்தாளில் இருந்தது. 37 மி.மீ. கூலர் ஒன்றைப் போட்டேன். கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன், கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கள் வழக்கப்படி ஃபேன்களை 70 சதவீதத்தில் நிறுத்தி ஒரு மணி நேரம் கேம் ஓட்டினேன். கார்டு 71 டிகிரி, பிராசஸர் 78. திருப்தியாக பேக் பண்ணி அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "அண்ணா, இருபது நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் விட்டு விட்டு இழுக்குது. ஃபேன் கத்துற கத்துல அம்மா எழுந்து வந்துட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரிவரை சூட்டைக் கக்கும். ஏசி கிடையாது. பெட்டி இருந்ததோ டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், முன்னால் கண்ணாடிக் கதவு. கையோடு கொண்டுபோன தெர்மாமீட்டரின் ஒயரை அறையில் நீட்டினேன், 34 டிகிரி. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டுக்குள் விட்டேன், 43.

எங்கள் கடையில் ஏசி 24-ல் ஓடும். அங்கே கார்டு காட்டிய 71-ல் 24 காற்றுடையது. மீதி 47 டிகிரிதான் கார்டு தன் உழைப்பால் ஏற்றிய சூடு. ஃபேன் வேகமும் வேலையும் மாறாதவரை அந்த 47 எங்கே போனாலும் கூடவே வரும். 43 டிகிரிக் காற்றின்மேல் ஏறினால் 90. ஆனால் அந்தக் கார்டு 83 டிகிரியை ஒட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூட்டையும் வேகத்தையும் காட்டும் HWiNFO மென்பொருளைத் திறந்தால் `Performance Limit - Thermal` என்ற வரிக்கு நேரே Yes என்று இருந்தது. 2700 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது 2500-க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பிராசஸருக்கும் அதே கூட்டல்: ஏற்றம் 54, காற்று 43, ஆக 97. அதற்கு வரம்பு 95. அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

அளவுத்தாளில் பார்த்த மில்லிமீட்டர் எல்லாம் சரி. எந்தக் காற்றை அது மூச்சிழுக்கப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. பிழை என்னுடையது.

முதலில் பெட்டியை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தேன். செலவில்லாமல் 9 டிகிரி இறங்க வேண்டும். பிராசஸர் கணக்குப்படி 88-க்கு வந்தது. கார்டு மட்டும் 81-க்கு வராமல் 83-லேயே நின்றது. இந்த மாதிரி இடத்தில் நான் செய்யும் சோதனை ஒன்றுதான்: பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பேன். சூடு நன்றாக இறங்கினால் குறை காற்றோட்டத்தில். இறங்காவிட்டால் கூலரின் திறன் போதவில்லை, அல்லது சில்லுக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டோ கூலரின் அழுத்தமோ சரியில்லை. கழற்றியதும் கார்டு 77-க்கு இறங்கியது, பிராசஸர் 80-க்கு.

கழற்றிய தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். தூசி போகாமல் இருக்கட்டும் என்று தம்பி உள்பக்கம் காந்த ஓரம் வைத்த நைலான் வலை ஒட்டியிருந்தார். நல்லெண்ணம்தான். ஆனால் கார்டின் ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அங்கே நெருக்கமான வலை வந்தால் ஃபேன் சுற்றும், காற்று வராது. எடுத்ததும் 81. மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், வலை வேண்டாம் என்றேன்.

பிராசஸர் பக்கம் நேர் எதிரான கதை. 48-ல் 37 போக 11 மி.மீ. காலியாகக் கிடந்தது. இடம் தாராளமாக இருப்பது நல்லது என்றுதான் எனக்கும் தோன்றியிருந்தது. உண்மையில் அந்த இடைவெளி வழியாக, கூலர் ஊதித் தள்ளிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. ஃபேனின் ஓரத்தைச் சுற்றி, தகட்டைத் தொடும் உயரத்துக்கு ஃபோமை வெட்டி ஒட்டினேன். வெளிக்காற்றைத் தவிர வேறு வழியில்லாமல் போனதும் 88 என்பது 82 ஆனது. நாக்டுவா நிறுவனம் தன் தட்டைக் கூலர்களுக்கு இதற்கென்றே ஃபோம் வளையங்களை விற்கிறது. 47 மி.மீ. கூலரை முதலிலேயே போட்டிருந்தால் இந்த வெட்டு வேலை தேவைப்பட்டிருக்காது.

மீதி வாட் கணக்கு. 200 வாட்டுக்கு 47 டிகிரி ஏறுகிறது என்றால், ஃபேன் வேகம் மாறாதவரை, 160 வாட்டுக்கு ஏறக்குறைய 38. அறையின் 34-ஐக் கூட்டினால் 72. கார்டு 160 வாட்டுக்கு மேல் இழுக்காமலிருக்க, அட்மின் கமாண்ட் விண்டோவில் இதைக் கொடுத்தேன்:

```
nvidia-smi -pl 160
```

கார்டு 73-ல் நின்றது. 92 ஃப்ரேம் கொடுத்த இடத்தில் 87 வந்தது, ஆனால் இரண்டு மணி நேரம் கழித்தும் அதே 87. முன்பு இருபது நிமிஷத்தில் எழுபதுகளுக்குச் சரிந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டளை ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும் என்பதால், மெஷின் துவங்கும்போதெல்லாம் தானே ஓடும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுக் கொடுத்தேன்.

பிராசஸரை பயாஸில் 65 வாட் ஈகோ மோடுக்கு மாற்றினேன். அப்போது அது இழுக்கும் உச்சம் 88 வாட். கேமில் எழுபது வாட்தான் எடுக்கிறது என்பதால் விளையாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. கேம் முதலில் திறந்து கிராபிக்ஸ் நிரல்களைத் தயார்செய்யும் ஷேடர் கம்பைல் நேரத்தில் 140 வரை எகிறி ஃபேனைக் கத்தவைப்பது மட்டும் நின்றது. இந்தத் தலைமுறை ரைசன் 95 டிகிரியைத் தொட்டாலே கோளாறு என்று பயப்படத் தேவையில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கோர்கள் இருக்கும் சில்லு சுமார் 70 சதுர மி.மீ., அதாவது கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூட்டை உருவுவது பெரிய கூலருக்கே கஷ்டம். 37 மி.மீ. கூலரிடம் அதைக் கேட்டது என் பேராசை. எக்ஸ் இல்லாத 7700-ஐயே வாங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் ஆர்டர் சீட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். எங்கே வைக்கப்போகிறீர்கள்? அந்த அறையில் ஏசி உண்டா? கார்டு பெட்டிகளில் இப்போது 'எஸ்எஃப்எஃப் ரெடி', அதாவது சின்னப் பெட்டிக்குத் தயார், என்று அச்சிட்டு வருகிறது. என்விடியா வகுத்த அளவுப்படி 304 மி.மீ. நீளம், 151 மி.மீ. அகலம், 50 மி.மீ. தடிமனுக்குள் அந்தக் கார்டு அடங்கும் என்று பொருள். அந்த முத்திரை இடத்தைப் பற்றித்தான் பேசுகிறது, சூட்டைப் பற்றிப் பேசவில்லை.

போன மாதம் ஒருவர் அதே ஏழு லிட்டர் பெட்டியில் 250 வாட் கார்டு கேட்டு வந்தார். ஏசி இல்லாத அறை. நுழைகிற அளவில் கார்டு கிடைக்கும், மாட்டியும் விடலாம். 250 வாட்டுக்கு 59 டிகிரி ஏற்றம், மே மாதத்து 36-ஐக் கூட்டினால் 95 என்று சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பதினெட்டு லிட்டர் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னார். சோதனையை இப்போது கடையின் பின்னறையில், ஏசி இல்லாமல், மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்துக்கொள்கிறேன்.