ஆறாவது செமஸ்டரில் 60 சதவீதத்தைத் துரத்திய கதை

பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு கம்பெனி வந்தது. மூன்று வருடமும் சேர்த்து 60 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது முதல் வகுப்பு, அதற்குக் கீழே என்றால் ஆஃபர் கையில் இருந்தாலும் சேர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போது ஐந்து செமஸ்டர் முடிந்திருந்தது. வரிசையாக 52, 55, 58, 61, 63. முதல் வருடம் எப்படிப் படித்திருப்பேன் என்பது இதைப் பார்த்தாலே தெரியும்.

அன்றைக்கு சாயங்காலம் ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்து நானும் அறைத் தோழனும் போட்ட கணக்கு இதுதான்: ஆறு செமஸ்டருக்கும் 60 என்றால் மொத்தம் 360 வேண்டும். கையில் இருப்பது 289. அப்படியானால் ஆறாவதில் 71 எடுக்க வேண்டும். "மச்சான், 63-ஐத் தாண்டாதவன் 71-க்கு எங்கே போவ?" என்று அவன் கேட்டதும் எனக்கு அன்றைக்கு சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கே தப்பு. தப்பு என்று தெரிய எனக்கு நான்கு நாள் ஆனது.

செமஸ்டர் சதவீதங்களை அப்படியே கூட்டி வகுக்கக் கூடாது, ஏனென்றால் எல்லா செமஸ்டரும் ஒரே எடை கிடையாது. எங்கள் மார்க் ஷீட்டில் ஒவ்வொரு பேப்பருக்கும் பக்கத்தில் ஒரு கிரெடிட் எண் இருக்கும், மார்க்கை அதனால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும். முதல் வருடத்தில் பாதி நேரம் தமிழும் ஆங்கிலமும்தான், பட்டத்தின் வகுப்பை முடிவு செய்கிற பார்ட் 3 பாடங்கள், அதாவது மேஜரும் அலைடும், கொஞ்சம்தான். கடைசி வருடத்தில் எல்லாமே மேஜர். அதனால் நான் சொதப்பிய முதல் செமஸ்டருக்கு வெறும் 12 கிரெடிட், ஓரளவு நன்றாக எழுதிய ஐந்தாவதுக்கு 20. மேலே நான் சொன்ன 52, 55 எல்லாம் பார்ட் 3 மட்டும் சேர்த்த சதவீதம். தமிழில் எனக்கு 78 இருந்தது, அதையும் உள்ளே சேர்த்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் எங்கள் விதியில் வகுப்புக் கணக்குக்குள் அது வராது.

சரி, திரும்ப உட்கார்ந்தேன். கிரெடிட் வரிசை 12, 12, 14, 14, 20, மொத்தம் 72. ஒவ்வொரு செமஸ்டரின் சதவீதத்தையும் அதன் கிரெடிட்டால் பெருக்கினால் 624, 660, 812, 854, 1260. கூட்டினால் 4210. இந்த எண்ணை நான் 'சேமிப்பு' என்று கூப்பிட ஆரம்பித்தேன், இனி அது ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. ஆறாவது செமஸ்டருக்கு 20 கிரெடிட், ஆக முழுப் படிப்புக்கும் 92. 60 சதவீதம் வேண்டும் என்றால் 92 × 60 = 5520 புள்ளி சேர வேண்டும். எக்செலில் ஒரே வரி:

```
=(60*92-4210)/20
```

விடை 65.5. மாடியில் போட்ட கணக்கு சொன்ன 71-க்கும் இதற்கும் ஐந்தரை மார்க் வித்தியாசம், அதுவும் ஒவ்வொரு பேப்பரிலும். 71 என்றபோது புத்தகத்தைத் திறக்கவே மனசு வரவில்லை, 65.5 என்றதும் முயற்சி பண்ணலாம் போலிருக்கே என்று தோன்றியது.

இந்த இடத்தில் நான் ஒருமுறை சறுக்கினேன். இரண்டாவது செமஸ்டரில் எனக்கு ஒரு அரியர் இருந்தது, மூன்றாவதோடு சேர்த்து எழுதி பாஸ் ஆகிவிட்டேன். பழைய மார்க் ஷீட்டைப் பார்த்து ஃபெயிலான மார்க்கையும் சேர்த்து முதலில் போட்டுவிட்டேன். எங்கள் முறையில் பாஸான மார்க் மட்டும்தான் கணக்கு, அந்தப் பேப்பரின் கிரெடிட்டும் ஒரே ஒரு தடவைதான் வரும். உங்கள் கிரெடிட் கூட்டல் சிலபஸ் புத்தகத்தில் போட்டிருக்கிற மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் எதையோ இரண்டு தடவை சேர்த்திருக்கிறீர்கள் அல்லது விட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் 76 வந்தது, அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்து, 65.5 என்பது பேப்பரின் மொத்த மார்க், பரீட்சை ஹாலில் எழுதி வாங்க வேண்டிய மார்க் இல்லை. எங்களுக்கு இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. ஆறாவது செமஸ்டரில் 4 கிரெடிட் பேப்பர் மூன்று (நெட்வொர்க்ஸ், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், மைக்ரோபிராசசர்), 3 கிரெடிட்டில் மல்டிமீடியா என்ற எலெக்டிவ், 5 கிரெடிட்டில் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் மார்க்கை முன்கூட்டியே யாரும் சொல்ல மாட்டார்கள். சீனியர்களைக் கேட்டால் 70-க்குக் கீழே யாருக்கும் போனதில்லை என்றார்கள், அதனால் கஞ்சத்தனமாக 70 என்றே வைத்துக்கொண்டேன். 5 × 70 = 350. 5520-இல் சேமிப்பு 4210 போனால் ஆறாவதில் தேவை 1310, அதில் இந்த 350 போக மீதி 960, அதை 15 கிரெடிட்டால் வகுத்தால் சரியாக 64.

அப்புறம் 64-இலிருந்து ஒவ்வொரு பேப்பரின் இன்டர்னலையும் கழிக்க வேண்டியதுதான். நெட்வொர்க்ஸில் எனக்கு 19, எனவே 75-க்கு 45 எழுத வேண்டும். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் 17, எனவே 47. மல்டிமீடியா 21, எனவே 43. மைக்ரோபிராசசரில் இன்டர்னல் 14, அதனால் 50 வேண்டும். இங்கேதான் இடித்தது. அந்தப் பேப்பரில் மாடல் தேர்விலேயே 35-க்கு மேல் நான் வாங்கியதில்லை.

ஒவ்வொரு பேப்பரிலும் 64 வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, 960 சேர்ந்தால் போதும். மைக்ரோபிராசசரில் 38 தான் வரும் என்று ஒப்புக்கொண்டேன் (எக்ஸ்டர்னலில் 30 இல்லாவிட்டால் பாஸே கிடையாது, அதற்கு மேல் எட்டு மார்க் இடைவெளி இருக்கட்டும் என்று). அப்படியானால் 12 மார்க் குறைகிறது, 4 கிரெடிட் என்பதால் 48 புள்ளி ஓட்டை. அதை எங்கே அடைப்பது? மல்டிமீடியா சுலபம்தான், ஆனால் அதில் ஒரு மார்க் கூடுதலாக எழுதினால் 3 புள்ளிதான், நெட்வொர்க்ஸில் ஒரு மார்க் என்றால் 4. எனக்குப் பிடித்த பேப்பரும் நெட்வொர்க்ஸ்தான், அதனால் பாரத்தை அதன் தலையில் கட்டினேன். எட்டு மார்க் கூட்டி 53, அது 32 புள்ளி. மல்டிமீடியாவில் நான்கு கூட்டி 47, அது 12. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் ஒன்று கூட்டி 48, அது 4. ஓட்டை அடைந்தது.

75-க்கு 53 என்று சும்மா சொல்லிக்கொண்டால் படிக்கும்போது எந்தப் பிடிப்பும் இருக்காது. எங்கள் கேள்வித்தாளில் இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. இரண்டு மார்க்கில் 16, ஐந்து மார்க்கில் 17, பத்து மார்க்கில் 20 என்று பிரித்தேன். மூன்று பெரிய கேள்வியையும் முழுசாக எழுதினால்தான் அந்த 20 வரும், எனக்குத் தெரிந்து பத்து மார்க் கேள்விக்கு எட்டுக்கு மேல் போடுவது அபூர்வம். அதனால் ஐந்து யூனிட்டில் நான்கையாவது முழுசாகப் படித்தாக வேண்டும் என்று ஆனது, இரண்டு மார்க் கேள்விகளை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிற வழக்கமான வேலை இந்த ஒரு பேப்பரில் செல்லாது.

என் கணக்கைப் பார்த்த தோழன் அவனுக்கும் போட்டுத் தரச் சொன்னான். அவன் சேமிப்பு 3700. ஆறாவதில் 91 வேண்டும் என்று வந்தது. இன்டர்னல் சராசரி அவனுக்கு 12, ஆக எக்ஸ்டர்னலில் 75-க்கு 75 எழுதினாலும் 87-ஐத் தாண்டாது. ப்ராஜெக்ட்டில் நூற்றுக்கு நூறே போட்டாலும் செமஸ்டர் சராசரி 90.25 தான். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "சரி விடு, நான் வேற கம்பெனி பார்க்கிறேன்" என்று போய்விட்டான். 92 கிரெடிட்டில் ஒரு செமஸ்டரின் பங்கு 20 தான், எனவே மொத்த சதவீதத்தை ஒரே ஒரு சதவீதம் தூக்க அந்த செமஸ்டரில் எல்லாப் பேப்பரிலும் நாலரை மார்க்குக்கு மேல் கூட வேண்டும் (92 ÷ 20 = 4.6). அவன் 51-இல் நின்றிருந்தான்.

இன்னொன்று. மைக்ரோபிராசசர் இன்டர்னல் முதலில் 14 இல்லை, 12. மார்க் பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் கவனித்தேன், ஒரு அசைன்மென்ட் ஏறவே இல்லை. மேடமிடம் போய், "மேடம், நான் அன்றைக்கு லீவு, மறுநாள் உங்கள் மேஜை மேலே வைத்தேன்" என்றேன். அவர் கட்டைப் பிரித்துத் தேடி எடுத்து, "முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்று திட்டிக்கொண்டே திருத்தினார். அந்த இரண்டு மார்க் எனக்கு 8 புள்ளி. பல்கலைக்கழகத்துக்கு ஏற்றிய பிறகு இதை யாராலும் தொட முடியாது.

ரிசல்ட் வந்தபோது எதுவும் திட்டப்படி வரவில்லை. நெட்வொர்க்ஸில் 53 கேட்டேன், 50 தான் வந்தது. மைக்ரோபிராசசர் 38-க்குப் பதில் 35. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் 49, மல்டிமீடியா 48, இரண்டிலும் ஒரு மார்க் லாபம். கஞ்சத்தனமாக 70 போட்ட ப்ராஜெக்ட்டில் 74 வந்திருந்தது. இன்டர்னலைச் சேர்த்து கிரெடிட்டால் பெருக்கினால் 276, 196, 264, 207, 370. மொத்தம் 1313. வேண்டியது 1310.

சேமிப்பு 4210-ஐயும் சேர்த்தால் 5523, அதை 92-ஆல் வகுத்தால் 60.03. எங்கள் அலுவலகத்தில் 59.99-ஐ 60 ஆக்கித் தர மாட்டார்கள், கேட்டுப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மல்டிமீடியாவில் ஒரு மார்க் போயிருந்தால் சரியாக 60.00-இல் நின்றிருப்பேன். நெட்வொர்க்ஸிலோ மைக்ரோபிராசசரிலோ ஒரு மார்க் போயிருந்தால் 59.99. அந்த அசைன்மென்ட் மட்டும் கட்டுக்குள்ளேயே கிடந்திருந்தால் 59.95.