மின்வெட்டு நேர்காணல்களிலிருந்து ஒரு கருப்பொருள் உருவான விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியின் சிறு உணவுக்கடைக்காரர்கள் 2023-இன் மின்வெட்டை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் என் முதுகலை ஆய்வு. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தந்த பிறகே நேர்காணலைத் தொடங்க முடியும். அந்த அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில் கேள்விகளைச் செதுக்கினேன்.

“மின்வெட்டு உங்கள் தொழிலை எப்படிப் பாதித்தது?” என்று கேட்டால் எல்லாரும் செய்தித்தாளில் வருவதையே சொல்வார்கள். அதனால், “கடைசியாகக் கரன்ட் போன மாலையைச் சொல்லுங்க ஆன்ட்டி. விளக்கு அணைந்ததும் முதலில் என்ன செய்தீங்க?” என்று கேட்டேன். குடைந்த ரொட்டிக்குள் கறி நிரப்பித் தரும் பன்னி சாவ் விற்கும் ஆன்ட்டி ஒருவர் விவரமாகவே சொன்னார்: “கறி கேஸ் அடுப்பில்தான், அது நிற்காது. சிக்னல் போய் கார்டு மெஷின் செத்துப்போச்சு. தெரிஞ்ச முகம்னா, நாளைக்குக் கொடுன்னு கொடுத்துடுவேன்.” இன்னொரு கடைக்காரர், “ஜெனரேட்டர் ஓடினா பெட்ரோலுக்கே லாபம் போயிடும். ஆனா கடை இருட்டா இருந்தா ஆள் வேற கடைக்குப் பழகிடுவான்” என்றார்.

அப்புறம் குறியீடு இடும் வேலை, அதாவது ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் சாரத்தைச் சொல்லும் ஒரு சிறு பெயர் வைப்பது. ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்கவே நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், ஆனால் உண்மையான சிரமம் அதற்குப் பிறகுதான். இரண்டாவது கூற்றுக்கு ‘ஜெனரேட்டர் செலவு’ என்று குறியீடு வைப்பது சுலபம். அப்படி வைத்தால் அது வெறும் தலைப்பு, அவர் சொன்ன காரணம் அதில் இல்லை. ‘ஆள் பழக்கம் மாறாமலிருக்க நஷ்டத்திலும் கடையைத் திறத்தல்’ என்று எழுதினால், நேர்காணலைப் படிக்காதவருக்கும் விஷயம் புரியும். ஆன்ட்டியின் கூற்றுக்கு ‘தெரிந்த முகத்துக்குக் கடன் கொடுத்து விற்பனையை நிறுத்தாமலிருத்தல்’ என்று வைத்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, செலவு என்ற தலைப்பில் சேராத இரண்டும், இன்றைய லாபத்தை விட்டு நாளைய வாடிக்கையாளரைக் காப்பது என்ற ஒரே கருப்பொருளில் சேர்ந்தன. தரவில் கருப்பொருள் தானாக ‘வெளிப்படாது’, ஆய்வாளர்தான் அதை உருவாக்குகிறார் என்று கருப்பொருள் பகுப்பாய்வு முறையைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் பிரவுனும் கிளார்க்கும் அழுத்திச் சொல்வது எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது.

உடனே எதிர்ச்சான்று தேடினேன். இனிப்புக்கடை வைத்திருந்த ஓர் அங்கிள், கரன்ட் போனதும் கதவைச் சாத்திவிடுவார். அவருடைய வியாபாரம் பெரும்பாலும் கல்யாண ஆர்டர்கள், வழிப்போக்கர்கள் குறைவு. அவரை ஒதுக்காமல், கருப்பொருளையே ‘நடந்து வரும் வாடிக்கையாளரை நம்பிய கடைகளில்’ என்று சுருக்கினேன். அது சிறியதாயிற்று, ஆனால் தேர்வாளர் கேட்டால் எல்லை எங்கே என்று காட்ட முடிந்தது.

பெயர் மறைப்பதிலும் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. சாட்ஸ்வொர்த்தில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். ‘கோயில் பக்கத்துப் பன்னி சாவ் கடை’ என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். எனவே இடத்தையும் வயதையும் எடுத்துவிட்டு, ‘உணவுக்கடை உரிமையாளர், பெண்’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.